ஈவிஏ கணக்கில் மூலதனக் கட்டணம்: ஒரு பிரிவு செல்வம் சேர்க்கிறதா என்று முடிவு செய்வது எப்படி?

ஒரு நிறுவனத்தின் பிரிவு வரி போக 195 லட்சம் லாபம் காட்டுகிறது. அது செல்வம் சேர்க்கிறதா, கரைக்கிறதா? இந்த ஒரு எண்ணை வைத்துப் பதில் சொல்ல முடியாது. கடன் கொடுத்தவருக்கான வட்டி லாப நட்டக் கணக்கில் கழிக்கப்படுகிறது. பங்குதாரரின் பணத்துக்கு அந்தக் கணக்கில் எந்தச் செலவும் எழுதப்படுவதில்லை. அது இலவசமாக வந்த பணம் போலவே லாபம் கணக்கிடப்படுகிறது. அந்தப் பணத்தை அதே அளவு ஆபத்துள்ள வேறொரு தொழிலில் போட்டிருந்தால் ஏதோ ஒரு வருமானம் கிடைத்திருக்கும். அந்த இழப்பையும் செலவாகக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பொருளாதார மதிப்புக் கூட்டல், சுருக்கமாக ஈவிஏ.

இந்தச் சிந்தனை புதியதல்ல. ‘எஞ்சிய வருமானம்’ என்ற பெயரில் செலவுக் கணக்கியலில் இது வெகுகாலமாக இருக்கிறது. 1990களில் ஸ்டெர்ன் ஸ்டூவர்ட் என்ற ஆலோசனை நிறுவனம் கணக்கியல் எண்களில் சில திருத்தங்களைச் சேர்த்து, ஈவிஏ என்ற வணிக முத்திரையோடு இதைப் பரப்பியது. இன்று மேலாண்மைக் கணக்கியல் தேர்வுகளில் பிரிவுச் செயல்திறன் என்ற தலைப்பு வந்தால் இந்தக் கணக்கும் வரும்.

சூத்திரம் ஒரே வரிதான்:

```
ஈவிஏ = வரிக்குப் பிந்தைய இயக்க லாபம் − (மூலதனம் × மூலதனச் செலவு விகிதம்)
```

அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் மூலதனக் கட்டணம். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன. எந்த மூலதனம், எந்தத் தேதியில் உள்ள மூலதனம், யாருடைய விகிதம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் பெருக்கிவிட்டால் விடையின் குறியே மாறிவிடும். இதை ஒரே கணக்கை வைத்துக் கடைசிவரை பார்ப்போம்.

கணக்கு

எண்கள் எல்லாம் லட்சத்தில். பிரிவின் வரிக்கு முந்தைய லாபம் 260. தலைமையகம் பகிர்ந்து கொடுத்த வட்டி 40 அதில் ஏற்கெனவே கழிக்கப்பட்டுள்ளது. வரி 25%. ஆண்டின் தொடக்கத்தில் மொத்தச் சொத்து 2,400, வட்டியில்லாத நடப்புப் பொறுப்புகள் 400. ஆண்டு முடிவில் இவை முறையே 2,700, 450. ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு புதிய பொருளை உருவாக்க 90 செலவானது. அதன் பயன் இந்த ஆண்டையும் சேர்த்து மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும். ஆனால் முழுத் தொகையும் இந்த ஆண்டுச் செலவாகவே எழுதப்பட்டுள்ளது. நிறுவனத்தின் மூலதனத்தில் 60% பங்கு, 40% கடன். பங்கு மூலதனத்தின் செலவு 15%, கடனுக்கான வட்டி 8%.

முதல் படி: வட்டியை லாபத்திலிருந்து வெளியே எடுங்கள்

மூலதனக் கட்டணம் பங்கு, கடன் இரண்டுக்குமான செலவையும் சேர்த்தே பிடிக்கிறது. எனவே லாபத்தில் வட்டி கழிக்கப்பட்டிருக்கக் கூடாது. இருந்தால் கடனுக்கான செலவை இரண்டு முறை கழித்தவர்கள் ஆவோம். 260 உடன் 40 சேர்த்தால் இயக்க லாபம் 300. அதற்கு 25% வரி 75. வரிக்குப் பிந்தைய இயக்க லாபம் 225.

வரி போன லாபத்திலிருந்து தொடங்கியும் இதே இடத்துக்கு வரலாம். 260-க்கு வரி 65 போக 195. அதோடு வட்டியைச் சேர்க்க வேண்டும், ஆனால் முழு 40-ஐ அல்ல. வரிச் சலுகை போன 30-ஐ மட்டும். 195 + 30 = 225. இங்கே 40-ஐ முழுதாகச் சேர்த்து 235 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. வட்டியால் கிடைக்கும் வரிச் சலுகை, சற்றுப் பின்னால் கடனின் செலவைக் கணக்கிடும்போது அங்கே வந்து சேரும். அதை லாபத்திலும் விட்டுவைத்தால் ஒரே சலுகையை இரு இடத்தில் எண்ணியதாகிவிடும். இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்து ஒரே எண் வருகிறதா என்று சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

இரண்டாம் படி: எது மூலதனம்?

மொத்தச் சொத்து 2,400-ஐ அப்படியே எடுக்கக் கூடாது. சரக்கு கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் கடனீந்தோர் தனியாக வட்டி கேட்பதில்லை. அவர்கள் காத்திருப்பதற்கான விலை சரக்கின் விலையிலேயே அடங்கி, ஏற்கெனவே செலவாக லாபத்தில் கழிந்துவிட்டது. அதனால் வட்டியில்லாத பொறுப்புகளைக் கழிக்கிறோம்: 2,400 − 400 = 2,000. வங்கிக் கடனைக் கழிக்கக் கூடாது, அது மூலதனத்தின் ஒரு பகுதி. ஒரு பொறுப்பைக் கழிப்பதா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால், அதற்கு வெளிப்படையாக வட்டி உண்டா என்று பாருங்கள். வட்டி உண்டென்றால் அது மூலதனத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

மூன்றாம் படி: விகிதம்

கடனுக்கு வட்டி 8%. வட்டியால் 25% வரி மிச்சமாவதால் நிறுவனத்துக்கு உண்மையான செலவு 8% × 0.75 = 6%. இப்போது எடையிட்ட சராசரி:

```
(0.60 × 15%) + (0.40 × 6%) = 9.0% + 2.4% = 11.4%
```

எடைகளுக்குச் சந்தை மதிப்பு கிடைத்தால் அதையே எடுக்க வேண்டும். புத்தகத்தில் உள்ள பங்கு மூலதனம் என்றோ திரட்டிய பணம். பங்குதாரர் வருமானம் எதிர்பார்ப்பது இன்று தம் கையில் இருக்கும் பங்கின் மதிப்பின் மேல்.

நான்காம் படி: முதல் விடை

மூலதனக் கட்டணம் 2,000 × 11.4% = 228. ஈவிஏ = 225 − 228 = −3.

195 லட்சம் லாபம் காட்டிய பிரிவு, தான் பயன்படுத்தும் பணத்தின் விலையைக்கூட முழுதாகச் சம்பாதிக்கவில்லை. பலர் இங்கேயே நிறுத்தி, ‘பிரிவு செல்வத்தை அழிக்கிறது’ என்று முடித்துவிடுகிறார்கள். 2,000 மூலதனத்தின் மேல் −3 என்பது கத்திமுனையில் நிற்கும் விடை. இதை வைத்துத் தீர்ப்பு எழுதுவதற்கு முன் அடியில் உள்ள எண்களை நம்பலாமா என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: கணக்கியல் எண்ணைத் திருத்துவது

புதிய பொருளுக்கான 90 லட்சம் இந்த ஆண்டுச் செலவாக எழுதப்பட்டது. அதன் பயனோ மூன்று ஆண்டுகளுக்கு. ஈவிஏயின் பார்வையில் இது முதலீடு. எனவே 90-ஐ லாபத்தில் திரும்பச் சேர்த்து, மூன்றில் ஒரு பங்கான 30-ஐ மட்டும் இந்த ஆண்டுச் செலவாகக் கழிக்கிறோம். லாபம் நிகரமாக 60 கூடி 285 ஆகிறது.

இதோடு நிறுத்துவதுதான் பாதித் திருத்தம். முதலீடு என்று சொன்னால் அது மூலதனத்திலும் ஏற வேண்டும். செலவு ஆண்டின் தொடக்கத்தில் நடந்ததால் 90 முழுதும் தொடக்க மூலதனத்தில் சேரும்: 2,090. கட்டணம் 2,090 × 11.4% = 238.26. ஈவிஏ = 285 − 238.26 = 46.74.

வரி 75-ஐ ஏன் மாற்றவில்லை என்று கேட்கலாம். நாம் பிரிவை அளப்பதற்காகத் திருத்தம் செய்கிறோம். வரித் துறைக்குத் தரும் கணக்கு மாறுவதில்லை, கட்டும் வரியும் மாறுவதில்லை. திருத்திய இயக்க லாபம் 360-க்கு 25% வரி போட்டு 270 என்று எடுக்கும் பாடநூல்களும் உண்டு; அப்படிச் செய்தால் ஈவிஏ 31.74. எந்த வழியில் போனீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். இந்தக் கணக்கில் இரண்டிலும் குறி நேர்மறைதான்.

அடுத்த ஆண்டுக் கணக்கில் இந்தத் திருத்தம் மறக்கப்படுவதையும் பார்க்கலாம். இந்த ஆண்டு ஒத்திவைத்த 60 மறைந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு லாபத்தில் 30 கழிய வேண்டும், மூலதனத்தில் 60 சேர வேண்டும். ஒரு ஆண்டு லாபத்தை உயர்த்திவிட்டு அடுத்த ஆண்டு அதன் சுமையைச் சுமக்காத கணக்கு பொய்யான கணக்கு.

ஸ்டெர்ன் ஸ்டூவர்ட் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களைப் பட்டியலிட்டிருந்தது. நடைமுறையில் தொகை பெரியதாகவும், பிரிவு மேலாளரின் முடிவை மாற்றக்கூடியதாகவும் உள்ள சிலவற்றைச் செய்தால் போதும் என்பது என் கருத்து. வளர்ச்சிச் செலவு அந்த வகை, ஏனென்றால் அதை வெட்டினால் இந்த ஆண்டு லாபம் உடனே ஏறும். அந்த ஆசையை அடக்குவதற்காகவே இந்தத் திருத்தம் இருக்கிறது. கூடவே ஒரு எச்சரிக்கை: −3 என்பது 46.74 ஆக மாறியதற்கு முழுக் காரணமும் ‘இதன் பயன் மூன்று ஆண்டு’ என்ற ஒரே அனுமானம். அந்தப் பொருள் சந்தையில் எடுபடாமல் போனால் 60-க்குச் சொத்து என்ற தகுதி கிடையாது. அது அன்றே செலவு.

எந்தத் தேதியின் மூலதனம்?

இதுவரை தொடக்க மூலதனத்தை எடுத்தோம். முடிவு மூலதனம் 2,700 − 450 = 2,250; வளர்ச்சிச் செலவில் மீதமுள்ள 60-ஐச் சேர்த்தால் 2,310. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சராசரி 2,200. அதன் மேல் கட்டணம் 250.80, ஈவிஏ 34.20.

எது சரி? மூலதனம் ஆண்டு நெடுகச் சீராகக் கூடியிருந்தால் சராசரி நியாயம். ஆண்டின் கடைசி நாட்களில் வந்து இறங்கிய இயந்திரத்துக்கு ஆண்டு முழுவதும் வாடகை கேட்பது போல ஆகிவிடும், முடிவு மூலதனத்தை எடுத்தால். இந்த ஆண்டு ஈட்டிய லாபத்தில் தேக்கிவைத்த பகுதியும் அதற்குள் கலந்திருக்கும். கேள்வியில் வேறு குறிப்பு இல்லையென்றால் தொடக்க மூலதனத்தை எடுத்து, அதைச் சொல்லிவிடுவது பாதுகாப்பான வழி. பிரிவுகளை ஒப்பிடும்போது எல்லாவற்றுக்கும் ஒரே வழியைக் கடைப்பிடிப்பது அதைவிட முக்கியம்.

யாருடைய விகிதம்?

என் பார்வையில் முழுக் கணக்கிலும் மிக அதிகக் கவனம் கேட்கும் இடம் இதுதான். 11.4% என்பது நிறுவனம் முழுவதற்குமான விகிதம், அதாவது எல்லாப் பிரிவுகளின் ஆபத்தும் கலந்த சராசரி. நம் பிரிவு ஏற்ற இறக்கம் மிகுந்த தொழிலில் இருக்கிறது, அதே தொழிலை மட்டும் செய்யும் தனி நிறுவனங்களைப் பார்த்தால் முதலீட்டாளர்கள் 14% எதிர்பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கட்டணம் 2,090 × 14% = 292.60. ஈவிஏ = 285 − 292.60 = −7.60.

குறி மாறிவிட்டது. லாபமும் மூலதனமும் துளியும் மாறவில்லை. நிறுவனத்தின் ஒரே விகிதத்தை எல்லாப் பிரிவுகளுக்கும் போட்டால் ஆபத்தான பிரிவு நல்லதாகவும், நிதானமான பிரிவு மோசமாகவும் தெரியும். அடுத்த முதலீட்டுப் பணமும் தவறான பிரிவுக்கே போகும். கேள்வியில் பிரிவுக்கென்று தனி விகிதம் எங்காவது கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நிறுவன விகிதம் கவனத்தைத் திருப்ப வைக்கப்பட்டது.

விகிதம் உறுதியாகத் தெரியாத நிலையில் செய்யக்கூடிய ஒரு எளிய காரியம் உண்டு. ஈவிஏ பூஜ்யமாகும் விகிதத்தைக் கண்டுபிடியுங்கள்:

```
285 ÷ 2,090 = 13.6%
```

இதுவே மூலதனத்தின் மேல் பிரிவு ஈட்டும் வருமான விகிதமும். இப்போது ‘மூலதனச் செலவு சரியாக எவ்வளவு’ என்ற கடினமான கேள்வி, ‘அது 13.6%-க்கு மேலா கீழா’ என்ற சுலபமான கேள்வியாகச் சுருங்குகிறது. பங்கு மூலதனத்தின் செலவு எப்போதுமே ஒரு மதிப்பீடுதான். அரை விழுக்காடு முன்னே பின்னே இருப்பது சாதாரணம். மதிப்பீடுகள் 10 முதல் 12% வரை இருந்தால் தயங்காமல் நேர்மறை என்று சொல்லலாம். 13 முதல் 14.5% வரை என்றால், இந்த எண்ணை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே நேர்மையான விடை.

ஒரே ஆண்டின் ஈவிஏயை நம்பலாமா?

ஒரு தனிக் கணக்கைப் பாருங்கள். இயந்திரம் 400, ஆயுள் நான்கு ஆண்டு, நேர்கோட்டுத் தேய்மானம் ஆண்டுக்கு 100. வரி போக ஆண்டுதோறும் ரொக்க வரவு 140, எனவே லாபம் 40. மூலதனச் செலவு 10%.

முதல் ஆண்டுத் தொடக்கத்தில் மூலதனம் 400, கட்டணம் 40, ஈவிஏ பூஜ்யம். அடுத்த ஆண்டு புத்தக மதிப்பு 300 ஆகக் குறைகிறது. கட்டணம் 30, ஈவிஏ 10. பிறகு 20, கடைசி ஆண்டில் 30. மேலாளர் எதையும் மாற்றவில்லை. இயந்திரம் பழசாக ஆக, ஈவிஏ மட்டும் ஏறுகிறது.

இதனால் இரண்டு தவறான தீர்ப்புகள் வரும். இப்போதுதான் முதலீடு செய்த பிரிவு சோம்பிக் கிடப்பது போலத் தெரியும். பழைய இயந்திரங்களை வைத்து ஓட்டும் பிரிவு சிறந்தது போலத் தெரியும். இரண்டாவது மேலாளர் தன் ஊக்கத்தொகையைக் காப்பாற்றிக்கொள்ளப் புதிய இயந்திரம் வாங்குவதைத் தள்ளிப்போடுவார். நல்ல திட்டத்தை வேண்டாம் என்பார்.

ஆனால் நான்கு ஆண்டு ஈவிஏயையும் 10% வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவாருங்கள்: 0, 8.26, 15.03, 20.49. கூட்டினால் 43.78. இப்போது திட்டத்தின் நிகரத் தற்போதைய மதிப்பைத் தனியாகப் போடுங்கள்: ஆண்டுக்கு 140 வீதம் நான்கு ஆண்டு வரவின் இன்றைய மதிப்பு 443.78, முதலீடு 400 போக 43.78. இரண்டும் அச்சாக ஒன்றே. தேய்மானத்தை எந்த முறையில் போட்டாலும், மொத்தத் தேய்மானம் முதலீட்டுக்குச் சமமாக இருக்கும்வரை இந்தப் பொருத்தம் மாறாது. ஒரு ஆண்டில் குறைவாகத் தேய்த்தால் அந்த ஆண்டு லாபம் கூடும்; பின்வரும் ஆண்டுகளின் கட்டணமும் தேய்மானமும் அதற்கு ஈடாகக் கூடும்.

எனவே செல்வம் என்பது எதிர்கால ஈவிஏக்கள் எல்லாவற்றின் இன்றைய மதிப்பு. ஒரு ஆண்டின் எண் அதில் ஒரு துண்டு மட்டுமே. தீர்ப்பு எழுதும்போது அந்த எண்ணோடு, முந்தைய ஆண்டைவிட அது எவ்வளவு மாறியது என்பதையும், சொத்துகளின் வயதையும் பாருங்கள். மொத்த அடக்கவிலையில் எத்தனை பங்கு ஏற்கெனவே தேய்மானமாக எழுதப்பட்டுவிட்டது என்ற விகிதம் வயதைக் காட்டிக்கொடுக்கும். முக்கால்வாசிக்கு மேல் தேய்ந்த பிரிவின் உயர்ந்த ஈவிஏயைப் பாராட்டுவதற்கு முன், இன்றைய விலையில் அதே இயந்திரங்களை வாங்கினால் கட்டணம் என்னவாகும் என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பிரிவை மூடலாமா என்று கேட்டால்

கேள்விகள் பெரும்பாலும் இங்கேதான் வந்து முடியும். ‘ஈவிஏ எதிர்மறை, எனவே மூடுக’ என்பது அவசரப் பதில். நம் கணக்கில் 14% வீதத்தில் −7.60 வந்தது. பிரிவின் செலவில் தலைமையகப் பொதுச் செலவின் பங்காக 50 சேர்ந்திருக்கிறது, பிரிவை மூடினாலும் அந்தச் செலவு குறையாது என்று வைத்துக்கொள்வோம். வரி போக அதன் சுமை 37.5. மூடினால் அந்தச் சுமை மற்ற பிரிவுகளின் தலையில் விழும், மறையாது. நிறுவனத்தின் பார்வையில் இந்தப் பிரிவின் பங்களிப்பு −7.60 + 37.50 = 29.90. மூடினால் நிறுவனம் ஏழையாகும்.

மூலதனத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். மூடும் முடிவில் 2,090 என்ற புத்தக மதிப்புக்கு வேலையில்லை. சொத்துகளை விற்றால் கையில் வரும் தொகைதான் வேறு இடத்தில் முதலீடாகும் பணம். அது 1,500 மட்டுமே என்றால், கட்டணத்தை 1,500-ன் மேல்தான் போட வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் கேள்வி வேறு: ‘போட்ட பணத்துக்கு ஏற்ற வருமானம் வந்ததா’ என்பதற்குப் புத்தக மதிப்பு, ‘இனியும் நடத்தலாமா’ என்பதற்கு விற்பனை மதிப்பு.

ஆகவே இந்தக் கணக்குக்கு நான் எழுதும் தீர்ப்பு இப்படி இருக்கும்: வளர்ச்சிச் செலவை மூன்று ஆண்டுக்குப் பகிர்ந்த பிறகு பிரிவின் வருமான விகிதம் 13.6%. நிறுவனத்தின் 11.4% வீதத்தில் ஈவிஏ +46.74, பிரிவின் ஆபத்துக்கு ஏற்ற 14% வீதத்தில் −7.60. பிரிவு தன் மூலதனத்தின் விலையைச் சற்றே எட்டாமல் நிற்கிறது. தலைமையகச் செலவின் பங்கு தவிர்க்க முடியாதது என்பதால் மூடுவதற்கு இது காரணமாகாது. ஆனால் இந்தப் பிரிவுக்குக் கொடுக்கும் புதிய மூலதனம் 14%-க்கு மேல் ஈட்டும் என்று காட்டப்பட்டால் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும், அடுத்த ஆண்டு அந்தப் புதிய பொருளின் விற்பனையைப் பார்த்து மீதமுள்ள 60-ஐ மறுபடி பரிசீலிக்க வேண்டும்.